பத்து பக்கெட் புளிப்பு

வேலைக்கான இன்டர்வியூவில், கணக்கு எப்படி வரும் என்று மேனேஜர் கேட்டார். "தண்ணி பட்ட பாடு சார்" என்றேன். எனக்கும் தசமப் புள்ளிக்கும் ஸ்கூல் நாளிலிருந்தே ஆகாது. பெருக்கல் சரியாக வந்துவிடும். கடைசியில் புள்ளியை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. பார்க்க லட்சணமாக இருக்கும் இடத்தில் வைத்துவிடுவேன். பாதி நாள் மார்க் வந்துவிடும்.

மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் சித்தூரைச் சுற்றி மளமளவென்று முளைத்த வருஷங்கள் அவை. எங்கள் கூழ் கன்டெய்னர் ஏறி, மெட்ராஸ் ஹார்பர் வழியாக கல்ஃபுக்குப் போகும். கூழைச் சோதிக்கிற கெமிஸ்டும் பின்னாலேயே போய்விட்டார், துபாயில் ஏதோ ஜூஸ் கம்பெனிக்கு. அசிஸ்டென்டாக டெஸ்ட் ட்யூப் கழுவிக்கொண்டிருந்த என்னை அவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "இந்த சீசன் பார்க்கலாம். ஒரு பேட்ச் கெட்டாலும் நீ திருப்பதி பஸ் ஏறிடு" என்றார் மேனேஜர். நான் தினமும் திருப்பதியிலிருந்துதான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன் என்பதால் அது மிரட்டல் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

வேலை இதுதான். ஒவ்வொரு டாங்கியிலும் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ கூழ். அதில் புளிப்பு அரை சதவீதம், அதாவது 0.50, இருக்க வேண்டும். குறைந்தால் சிட்ரிக் ஆசிட் சேர்க்கலாம். கூடிவிட்டால் எடுக்க வழியில்லை. சிட்ரிக் ஆசிடை அங்கே எல்லோரும் நிம்ம உப்பு என்பார்கள். பார்க்க சர்க்கரை மாதிரி இருக்கும், நாக்கில் வைத்தால் கண் மூடிக்கொள்ளும்.

நான் தனியாகப் பார்த்த முதல் டாங்கி. பத்து கிராம் கூழைத் தண்ணீரில் கரைத்து, பியூரெட் என்கிற கண்ணாடிக் குழாயிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். 6.5 மில்லியில் பிங்க் நிறம் வந்தது, புளிப்பு முழுக்கத் தீர்ந்ததற்கு அதுதான் அடையாளம். எங்கள் கரைசலில் ஒரு மில்லி என்றால் 0.064 சதவீதம் புளிப்பு. 65-ஐ 64-ஆல் பெருக்கினால் 4160. ஒன்றில் ஒரு தசம இடம், இன்னொன்றில் மூன்று, மொத்தம் நான்கு. 0.4160. சுமாராக 0.42. இன்னும் 0.08 சதவீதம் வேண்டும். அதுவரைக்கும் நான் மேதை.

கதவில் சூப்பர்வைசர் தலை தெரிந்தது. அவருக்கு உலகத்தில் எல்லோரும் நைனாதான்.

"நைனா, எந்த சேப்பு? இன்னும் எத்தினி நேரம்? பாய்லர் ரெடியா நின்னுகினு கீது. கூழு கறுத்துடப் போவுது, எத்தினி கிலோ சொல்லு!"

0.08 சதவீதத்தை நூறால் வகுக்க வேண்டும். புள்ளி இரண்டு இடம் நகர வேண்டும். அவர் குரலில் எனக்கு ஒரு இடம்தான் நகர்ந்தது. 0.008 என்று எழுதி, 2500-ஆல் பெருக்கினேன். இருபது.

"இருபது கிலோ" என்றேன், கணீரென்று. தப்புக் கணக்கு சொல்லும்போது மட்டும் எனக்கு அப்படி ஒரு குரல் வரும்.

நிம்ம உப்பு கரைக்கிற அம்மா, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், ஃபேக்டரியில் அது அவருக்கு மூன்றாவது சீசன். அவரிடம் ஒரு நீல பேசின் உண்டு. தலை தட்டி எடுத்தால் இரண்டு கிலோ. ஒரு பேசின் உப்புக்கு ஒரு பக்கெட் தண்ணீர், அதில் கரைத்துத்தான் டாங்கியில் ஊற்றுவார். முதல் பக்கெட்டை ஊற்றிவிட்டு, காலி பேசினோடு லேபுக்குள் வந்தார்.

"இன்னா சார், இருபதா? இன்னும் ஒம்பது பக்கெட்டு ஊத்தணுமா?"

"ஆமாம்மா."

"துபாய்க்குப் போன சாரு ஒண்ணு சொல்வாரு, மிஞ்சிப் போனா ஒண்ணரை. நீ இன்னா, கூழு அனுப்புறியா, ரசம் அனுப்புறியா?"

"இருங்க, ஊத்தாதீங்க" என்று மறுபடி பேப்பரைப் பிடித்தேன். இப்போது ஒழுங்காக 0.0008. எட்டை 2500-ஆல் பெருக்கினால் 20000. கடைசி சைபருக்கு மதிப்பில்லை என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, ஒன்றை அடித்துவிட்டு அப்புறம் நான்கு இடம் எண்ணினேன். 0.2. இருநூறு கிராம்!

ஒரே டாங்கிக்கு இருபது கிலோவும் இருநூறு கிராமும். உள்ளே ஏற்கெனவே இரண்டு கிலோ கரைந்துகொண்டிருந்தது. இருநூறு கிராம்தான் சரியென்றால் டாங்கி போச்சு, எனக்குத் திருப்பதி பஸ். இருபது சரியென்றால் இன்னும் ஒன்பது பக்கெட்.

"சொல்லு நைனா!" என்றது கதவு.

"கூழை நல்லா கலக்கட்டும், பத்து நிமிஷம்" என்றேன். அந்தப் பத்து நிமிஷத்தை எப்படி வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. குரல் நடுங்கியதில் அவரே பயந்திருக்கலாம்.

அந்த அம்மா போகவில்லை. பேசினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார். பேசினைப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. புள்ளியை விடு, அளவைப் பார். 2500-இல் ஒரு சதவீதம் என்றால் இருபத்தைந்து கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 சதவீதம், இரண்டரை கிலோ. எனக்கு வேண்டியது 0.08, அதைவிடக் கொஞ்சம் கம்மி. அப்படியானால் இரண்டு. இருபதும் இல்லை, 0.2-வும் இல்லை. 20000-இல் சைபரைத் தொடாமல் நான்கு இடம் எண்ணினால் 2.0000. எல்லா இடத்தையும் எண்ணி முடித்த பிறகுதான் சைபரை அடிக்கலாம். நான் முன்னாலேயே கத்தியை எடுத்திருந்தேன்.

ஆனால் மூன்று விடை போட்டவன் மூன்றாவதை மட்டும் எப்படி நம்புவது? டாங்கியிலிருந்து புதிதாகப் பத்து கிராம் எடுத்தேன். புளிப்பு 0.50 ஆகியிருந்தால் பிங்க் எங்கே வர வேண்டும்? 0.5-ஐ 0.064-ஆல் வகுக்க வேண்டும். இரண்டிலும் புள்ளியை மூன்று இடம் தள்ளினால் ஐந்நூறு வகுத்தல் அறுபத்து நான்கு. ஏழு தரம் 448, மிச்சம் 52. ஏழே முக்காலைத் தாண்டி வரும். 0.78 என்று எழுதப்போன கையை நானே பிடித்து நிறுத்தினேன். 7.8.

சொட்டு விட ஆரம்பித்தேன். 6.5 தாண்டியது, நிறமில்லை. ஏழு. நிறமில்லை. சூப்பர்வைசர் உள்ளே வந்து மூச்சு விடாமல் நின்றார், அவர் என் பக்கத்தில் சும்மா நின்றது அன்றைக்கு மட்டும்தான். 7.5. பிங்க் ஒரு கணம் வந்து, குலுக்கினதும் ஓடிப்போனது. 7.6-லும் அதே விளையாட்டு. அடுத்த சில சொட்டில் வந்த பிங்க் போகவில்லை. குனிந்து பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தரம் பார்த்தேன். 7.7. 64-ஐ 77-ஆல் பெருக்கி, விரல் விட்டு நான்கு இடம் எண்ணினேன். 0.4928.

"போதும். பாய்லருக்கு விடுங்க."

"இருபதுன்னியே நைனா?" என்றார் சூப்பர்வைசர்.

நான் வாய் திறக்குமுன் அந்த அம்மா சொன்னார்: "சாரு மொத்தம் பத்து டாங்கிக்குச் சேத்து சொன்னாரு. நீ போ, பாய்லரப் பாரு."

சூப்பர்வைசர் போனதும் நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ரிஜிஸ்டரில் 2.0 என்று எழுதினேன். புள்ளியை வைத்த அழுத்தத்தில் அடுத்த பக்கமும் ஓட்டையானது.

"அடுத்த டாங்கி ரொம்பினு கீது சார்" என்றார் அந்த அம்மா, பேசினை அலசிக்கொண்டே. "எத்தினி பக்கெட்டுன்னு என்கிட்ட முன்ன சொல்லு. அப்புறமா சத்தமா சொல்லு."