சித்தி அளந்த நூல்

நானும் சித்தியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, என் உயரத்தை அளந்தது. இந்த வருஷம் ஜூலையில், மண்ணூர் வீட்டில். கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றேன். சித்தி முக்காலியில் ஏறி உச்சந்தலையில் நூலைப் பிடித்தாள்.

“நேரா நில்லுடா. இருபத்தாறு வயசாவுது, இன்னும் ஆடிக்கினு கீற.”

“நூல் இழுத்தா நீளும் சித்தி. டேப்புல அளக்கலாம்.”

“உன் டூல்ரூம் அளவையெல்லாம் ஃபேக்டரிலயே வச்சுக்க. மாதாகிட்ட நூலைத்தான் சொன்னேன்.”

சகாயமேரி என் அம்மாவின் தங்கை. அரசு ஆஸ்பத்திரியில் ஆயா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் லாரி மோதி இறந்தார்கள். அன்றே என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அப்பாவின் அண்ணன் சின்னப்பராஜ், தன்னை கார்டியனாக நியமிக்கச் சொல்லி செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் மனுப் போட்டார். சித்தி எதிர்மனுப் போட்டாள். ஜெயித்தால் என் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வாங்கி, என்னையும் வேளாங்கண்ணிக்கு அழைத்து வருவதாக நேர்ந்துகொண்டாள்.

பெரியப்பா தகப்பன் வழி, ஆண்பிள்ளை; சித்தியோ கல்யாணமாகாத பெண் என்றார் பெரியப்பாவின் வக்கீல். “யாருக்கு உரிமை என்பதைவிட, பையனுக்கு எது நல்லது என்பதே முக்கியம்” என்றார் ஜட்ஜ். நான் எந்த வகுப்பு என்று பெரியப்பாவைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஜட்ஜ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“யார்கூட இருக்கணும்?”

“சித்திகூட.”

“ஏன்?”

“ராத்திரி நான் இருமினா முழிச்சுக்குவாங்க.”

என் பேச்சை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. பள்ளி வாத்தியாரையும் பங்குச் சாமியாரையும் விசாரித்தார். என்னைச் சித்தியிடம் ஒப்படைத்தார். அப்பாவின் நிலத்தைப் பெரியப்பா பார்த்துக்கொண்டு கோர்ட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார்.

அன்றே எங்கள் வக்கீல் சுப்பராயன் சொன்னார்: “கோர்ட்டு எல்லையைத் தாண்டி பையனைக் கூட்டிட்டுப் போகணும்னா, கோர்ட்டுல அனுமதி வாங்கணும்மா.”

வேளாங்கண்ணி அப்போது தஞ்சாவூர் ஜில்லா, எங்கள் கோர்ட்டு எல்லைக்கு வெளியே.

“மனுப் போட்டா சுலபமா கெடைக்கும்.”

“பெரியவருக்கு நோட்டீஸ் போவுமா?”

“போகலாம்.”

“அப்ப வேணாம் சார்.”

கேஸை மறுபடி கிளற அவளுக்குப் பயம். பள்ளியில் மெட்ராஸ் மிருகக்காட்சிசாலைக்குப் போனபோதும் என்னை அனுப்பவில்லை. “யானை பாக்கவும் ஜட்ஜையா கையெழுத்து வேணுமாடா?” என்று பையன்கள் சிரித்தார்கள். பாலிடெக்னிக்கும் குரோம்பேட்டையில்தான், எல்லைக்குள்.

அன்றைய சட்டப்படி மற்றவர்களுக்குப் பதினெட்டில் மேஜர். கோர்ட் கார்டியன் வைத்த பிள்ளைக்கு இருபத்தொன்று. அதுவரை காத்தாள். அதற்குப் பிறகு மாதா திருவிழா வரும் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஏதோ குறுக்கே வந்தது. என் ஷிஃப்ட், அவள் டூட்டி, அவள் முழங்கால்.

இந்த வருஷம் நான் லீவு வாங்கிவிட்டேன்.

“இவ்ளோ உசர மெழுகுவர்த்தி ரெடியா கெடைக்காது. பூந்தமல்லில ஆர்டர் சொல்லணும். ஆகஸ்ட்ல போறேன்” என்று நூலை முடிச்சுப் போட்டாள்.

ஆகஸ்ட் முதல் வாரம், ஆஸ்பத்திரி வார்டிலேயே விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். பிழைக்கவில்லை.

நேற்று பூந்தமல்லி மெழுகுவர்த்திக் கடையில், சித்தி ஆர்டர் சொன்னாளா என்று கேட்டேன். அப்படி ஒரு அம்மா வரவில்லை என்றார்கள். நூல் என் சட்டைப்பையில்தான் இருந்தது. அவள் போட்ட முடிச்சு அதில் அப்படியே இருந்தது; அளவுக்கென்று கடைக்காரரிடம் கொடுக்கவில்லை.