சவுக்காரம் போட்ட இன்சூரன்ஸ்

கிள்ளானில் எங்கள் துணிக்கடைக்கு அடுத்த எண்ணெய்க் கடை தீப்பிடித்தபோது, எங்கள் பின்கட்டுச் சரக்கறையும் சேர்ந்து எரிந்தது. கொஞ்சம் துணி கருகியது. மிச்சத்தைத் தீயணைக்க வந்தவர்கள் அடித்த தண்ணீர் கெடுத்தது. தீபாவளி நெருங்கிவிட்டது. இன்சூரன்ஸ் பணம் வந்தால்தான் புதுச் சரக்கு. வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: எங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை கெட்ட சரக்கை விற்கவோ எறியவோ கூடாது, இருக்கிறபடியே வைத்திருக்கவும். நஷ்டஈடு கொடுத்து முடித்தபின் அதை எங்களிடம் ஒப்படைக்கவும். இங்கிலீஷில் இருந்ததை மனைவிக்குத் தமிழில் சொன்னேன்.

"கம்பெனித் துரை வந்து பார்க்கப் போறான். ஒண்ணையும் தொடாதே."

அத்தோடு கோலாலம்பூருக்குப் போய், மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்குக் கேட்டுக் கெஞ்சினேன். பணம் வரட்டும், பார்க்கலாம் என்றுவிட்டார்.

திரும்பி வந்தால், கொல்லை முழுக்கக் கொடியில் வேட்டிகள் பறக்கின்றன! வெள்ளைவெளேரென்று!

"என்னடி செஞ்சே?"

"வெளி ஆளு வீட்டுக்கு வரப் போறாரு. நாறுற துணியையா காட்டறது? மானம் போயிராது?"

"நாத்தத்தைப் பாக்கத்தாண்டி அவரு வராரு!"

"அத நீங்க சொல்லலையே. கரிஞ்ச பட்டுச் சேலையையும் தொவைச்சிருப்பேன். சவுக்காரம் தீர்ந்துபோச்சி."

அந்தச் சவுக்காரக் கட்டிக்குத்தான் நான் கோயில் கட்ட வேண்டும்.

மறுநாள் துரை வந்தார். உண்மையை அப்படியே ஒப்பித்தேன். கொடியைப் பார்த்தார், துவைக்காத மூட்டைகளைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வேலையில் இறங்கிவிட்டார். ஒரே துணிக்கட்டிலிருந்து துவைத்தது ஒன்றும் துவைக்காதது ஒன்றும் எடுத்து அருகருகே விரித்து, வேட்டிக் கரையில் சாயம் ஓடிய இடத்தையும் புகைக் கறையையும் குறித்துக்கொண்டார். கடைசியில் மலாய் மொழியில் சொன்னார்: கருகியவை முழு நஷ்டம், பணம் வரும், சரக்கு கம்பெனிக்கு. துவைத்தவற்றிலும் துவைத்தால் தேறுபவற்றிலும் விலை குறைந்த அளவுக்கு மட்டும் பணம். துணியை நீங்களே விற்றுக்கொள்ளலாம்.

என் உயிர் திரும்பி வந்தது. மொழிபெயர்த்துச் சொன்னதும் இவள், "பாத்தீங்களா, தொவைச்சது நமக்கே தங்கிருச்சி" என்றாள்.

பணம் கைக்கு வந்தது, புதுச் சரக்கும் வந்தது. பிறகு ஒரு நாள் காலையில், கருகியதை ஏலத்துக்குக் கொண்டுபோகக் கம்பெனி லோரி அனுப்பியது. இவள் ஒரு பட்டுச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முந்தானை நல்லாத்தாங்க இருக்கு."

"அதுக்குப் பணம் வாங்கியாச்சி. இனி அவங்க பொருள். குடு."

"குடுக்கறேன். ஆனா இப்படிக் கசக்கியா? நம்ம கடையிலேருந்து போறது."

லோரிக்காரரைக் காக்க வைத்து, கருகிய சேலை ஒவ்வொன்றையும் ஓட்டை தெரியாதபடி மடித்து, கட்டுக்கட்டாகக் கயிறு போட்டுக் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவள்மேல் ஆசையும் பொங்கியது. ஆனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, எந்தத் துணிக்கட்டிலாவது சவுக்கார வாசனை அடிக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.