கூம்பின் எந்தப் பக்கம் வட்டம்

லூனாஸ் ஊருக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில், செய்து முடித்த இயந்திரப் பாகங்களைப் பொறியியல் வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சோதிப்பது என் வேலை. பதினோரு வருட அனுபவம். டிப்ளோமா இருந்தால் டெக்னீஷியன் ஆக்குகிறேன் என்று மேலாளர் சொன்னதால் வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். எல்லாப் பாடத்திலும் தேறி, வரைபடப் பாடத்தில் மட்டும் தோற்றேன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

மறுதேர்வு ஒன்றுதான் மிச்சம். பீடோங் டவுனில் ஒரு வழிகாட்டி நூல் வாங்கினேன். நீளவாக்கில் வெட்டுப்பட்ட மெல்லிய ரிப் என்ற வலுத்தகட்டில் சாய்கோடு போடாதே, தாளில் ஸ்கேல் வைத்து அளக்காதே, எழுதியிருக்கும் அளவையே எடுத்துக்கொள் என்றெல்லாம் அதில் இருந்தது. இதை எனக்கா சொல்ல வேண்டும்? ஆனால் ஒரு பொருளை ஒவ்வொரு பக்கமிருந்தும் பார்த்து வரையும் தோற்றங்கள் அத்தியாயத்தில், இடப்பக்கத் தோற்றத்தை முன்தோற்றத்துக்கு வலப்புறம் வரைந்திருந்தார்கள். ஐந்து பக்கங்களில் சிவப்புப் பேனாவால் ‘தப்பு’ என்று எழுதி, விரிவுரையாளரிடம் தூக்கிக்கொண்டு போனேன். என்னைவிட வயதில் சின்னவர்.

“சார், இத எழுதுனவரு டிராயிங்கயே பாத்ததில்ல போல. எடது பக்கம் எடதுலதானே வரணும்?”

அவர் பக்கத்தின் மூலையில் இருந்த கூம்புச் சின்னத்தைத் தொட்டார்.

“அக்கா, இந்த சிம்பல பாக்கலையா? உங்க ஃபேக்டரில தர்ட் ஆங்கிள், எடதுல பாத்தத எடதுலயே வரைவாங்க. இது ஃபர்ஸ்ட் ஆங்கிள் லா. எடதுல பாத்தது வலதுக்குப் போகும், மேல பாத்தது கீழ வரும். போன எக்ஸாம்லயும் இதுலதான் மார்க் போச்சு.”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குறுகிய முனை இடப்புறம் இருக்கும் கூம்பு. அதற்கு வலப்புறம் வட்டங்கள் இருந்தால் முதல் கோணம், இடப்புறம் இருந்தால் மூன்றாம் கோணம். பொட்டு அளவுச் சின்னம், என் ஒரு வருடத்தை விழுங்கியிருந்தது.

அன்றிலிருந்து வெறி பிடித்தவள்போல் பழகினேன். தொழிற்சாலையில் ஒரு மாதிரி, வீட்டில் வேறு மாதிரி. தலை கிறுகிறுத்தது. சோறு வேகும் நேரத்திலும் முதல் கோணத்தில், தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட் பாகங்களை வரைந்தேன். கை தானாக ஓடும் அளவுக்கு வந்துவிட்டது.

தேர்வில் பெரிய கேள்வியே ஒரு பிராக்கெட்தான். மேல்தோற்றத்தைக் கீழேயும் இடப்பக்கத்தை வலப்புறமும் கோடு பிசகாமல் வரைந்து, அளவெல்லாம் எழுதி, எல்லாருக்கும் முன்னால் எழுந்தேன்.

வெளியே வந்து கேள்வித்தாளை மடிக்கும்போதுதான் மூலையைப் பார்த்தேன். வட்டங்கள் கூம்புக்கு இடப்புறம் இருந்தன.

மூன்றாம் கோணம். பதினோரு வருடமாக நான் பார்த்துவரும் முறை. அந்தப் பாழாய்ப்போன நூலைத் திறக்காமலே போயிருந்தால் சரியாக வரைந்திருப்பேன். அங்கேயே நின்று அழுதேன்.

டெக்னீஷியன் வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார். அவருக்கு எங்கள் வரைபடங்களைப் படிக்க இப்போது நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.