ஓசி பஸ்ஸும் என் எலுமிச்சை சாதமும்

கர்நாடகாவில் பெண்களுக்கு பஸ் இலவசம் என்று சொன்ன அன்றைக்கு முதலில் கை தட்டியவள் நான்தான். மாரிக்குப்பம் ஸ்டேஷன் வாசலில், என் சாப்பாட்டுப் பொட்டலக் கூடைக்குப் பக்கத்தில் டீ போடுகிறவர் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஆம்பளைங்க நாங்க இன்னா பாவம் பண்ணோம்? எங்களுக்கு மட்டும் டிக்கெட்டா?"

"பெத்துப் பாரு, அப்புறம் கேளு" என்றேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். பெங்களூர் போகிற காலை ரயிலுக்கு வந்தவர்கள். கார்மெண்ட்ஸுக்குப் போகிறவர்கள், ஆபீஸ் கட்டடங்களில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறவர்கள். என் வியாபாரமே அவர்கள்தான்.

ஆண்களும் அதே ரயிலில்தான் போனார்கள். ஆனால் அவர்கள் கையில் டிபன் பாக்ஸ் இருக்கும். அவர்களுக்குக் கட்டிக் கொடுக்க வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அந்த ஒருத்தியே வேலைக்குக் கிளம்பினால் அவளுக்கு யார் கட்டிக் கொடுப்பது? புருஷனுக்கும் பிள்ளைக்கும் ஆக்கி வைத்துவிட்டு வெறும் வயிற்றோடு ஓடி வருவாள். என்னிடம் ஒரு எலுமிச்சை சாதமோ இட்லியோ வாங்கிக்கொண்டு ஏறுவாள். பங்காருப்பேட்டை தாண்டியதும் சாவகாசமாகப் பிரித்துச் சாப்பிட்டு, பெட்டியில் இருக்கிற குழாயில் கை கழுவுவாள்.

அந்த ரயில் போனதும் நான் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கு வேண்டியது அதுதான். என் வீட்டுக்காரர் இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத் தூசி இன்னும் அவர் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. இருமல் வந்தால் நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பகல் முழுக்க அந்த ஆள் நான். பெங்களூரில் எத்தனையோ பேர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு அந்தக் கூடை இருந்தது.

முதலில் இரண்டு மூன்று பெண்களைக் காணவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் வரிசையே பாதியானது. சட்னி ஊசிப்போய்விட்டதா, யாராவது வயிற்றுக்கு ஆகவில்லை என்று கிளப்பிவிட்டார்களா என்று என்னென்னமோ யோசித்தேன். தேங்காயைக் கூடப் போட்டேன். சாதத்தில் வேர்க்கடலையை அள்ளிப் போட்டேன். கடைசியில் விலையையும் குறைத்தேன். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்கள் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். புதிதாக ஒரு ஆள் வரவில்லை.

டீக்காரர் என்மேல் எரிந்து விழுந்தார். "உன் இட்லிய துன்றவங்கதான்கா என் டீய குடிப்பாங்க. நீ போணி ஆவலன்னா எனக்கும் ஆவல. இன்னா பண்ணி வெச்ச நீ?"

"நான் இன்னாய்யா பண்ணேன்?" என்று கத்தினேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

கார்மெண்ட்ஸில் தைக்கிற பெண் ஒருத்தி, நாள் தவறாமல் என்னிடம் வாங்குகிறவள். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் அகப்பட்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இன்னாடி, என் சாப்பாடு கசந்து போச்சா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. நான் இப்ப ரயில்லயே வர்ல. ரயிலுக்கு பாஸ் எடுக்கணும், எறங்குனா கம்பெனி வரைக்கும் ஷேர் ஆட்டோ. பஸ்ஸு கம்பெனி வாசல்லயே எறக்கி உடுது, ஒரு பைசா இல்ல. அந்தக் காசுல புள்ளைக்கு டியூஷன் போட்டுட்டேன்க்கா."

நல்லதுதானே என்றேன். நல்லதுதான். யாரைத் திட்டுவது? பஸ்ஸைத் திட்டினால் அந்தக் குழந்தையின் டியூஷனைத் திட்டின மாதிரி. அவர்கள் என்னைவிட்டுப் போகவில்லை, ரயிலை விட்டுப் போனார்கள். ரயிலோடு என் இட்லியும் போயிற்று, என் இட்லியோடு டீயும் போயிற்று. பொட்டலத்தைச் சும்மாவே கொடுத்தாலும், வாங்க அவர்கள் ஸ்டேஷனுக்கு வந்தால்தானே?

சரி, மலை நம்மிடம் வராவிட்டால் நாம் போகலாம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். என் பெண்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். "அக்கா, அக்கா" என்று ஆசையாகக் கூப்பிட்டார்கள். பஸ் வந்ததும் அவ்வளவு பேரும் சீட்டுப் பிடிக்க ஓடினார்கள். கூடையைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை.

ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினேன். "எப்படிக்கா துன்றது? தலைக்கு மேல ஆள் நிக்கிறாங்க. கை கழுவ எங்க போறது? வவுத்துல எதாவது கீதுன்னா எனக்கு வாந்தி வந்துடும்" என்றாள் தையல்காரி. பக்கத்து ஜன்னலில் ஒருவன் இஞ்சி மிட்டாயும் புளிப்பு மிட்டாயும் விற்றுக்கொண்டிருந்தான். அமோக வியாபாரம். ரயிலுக்கு என் சாதம் என்றால் பஸ்ஸுக்கு அவன் மிட்டாய். நாமும் மிட்டாய் விற்கலாமா என்று பார்த்தால், அங்கே ஏற்கெனவே மூன்று பேர் தட்டோடு அலைந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு மீந்த சாதத்தை நானும் என் வீட்டுக்காரரும் ராத்திரி வரைக்கும் தின்றோம். "கடலை நெறைய போட்டுக்கீற, நல்லா கீது" என்று மட்டும் சொன்னார்.

டீக்காரர் முதலில் தாக்குப்பிடித்துப் பார்த்தார். ஒரு நாள் அவர் ஸ்டவ்வையும் காணோம், அவரையும் காணோம். என் அரிசி மூட்டையும் காலியானது. வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்கியாக வேண்டும். தையல்காரியே அவள் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு எனக்காகச் சொல்லிவிட்டாள்.

வேலைக்குப் போன முதல் நாள் வீட்டுக்காரருக்குக் கஞ்சி, பிளாஸ்க்கில் வெந்நீர், மாத்திரை, போன் எல்லாவற்றையும் கட்டிலிலிருந்து கைக்கெட்டுகிற மாதிரி வைத்தேன். முதுகுக்கு மூன்று தலையணை அடுக்கினேன். தலையணை தாங்குமா என்று அழுத்தி அழுத்திப் பார்த்தேன். "போமே, பஸ்ஸு பூட போவுது" என்றார்.

பஸ்ஸில்தான் போனேன். பின்னே? ரயிலுக்குக் காசு கொடுக்க நான் என்ன ஜமீன்தாரா? கண்டக்டர் "ஆதார் தோர்ஸி" என்று கன்னடத்தில் ஆதாரைக் காட்டச் சொன்னார். கார்டைக் காட்டினேன். காசு இல்லாத சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் கை தட்டி வரவேற்ற சீட்டு அது.

தையல்காரி இடுக்கிக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தாள். என் மடியில் டிபன் பாக்ஸ், எலுமிச்சை சாதம். வயிறு கபகபவென்றது. மூடியைத் திறக்க முழங்கையை நகர்த்த முடியவில்லை. வளைவுக்கு வளைவு குடலைப் புரட்டியது. அவள் ஒரு இஞ்சி மிட்டாயை என் வாயில் போட்டாள்.

போன் அடித்தது. அவர்தான்.

"துன்னியாமே?"

"துன்னேன். நீ? இருமல் வந்துச்சா?"

"இல்லமே. நல்லா கீறேன்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. "எழுந்து உட்காருய்யா, தலையணைய வெச்சி நிமிர்ந்து உட்காரு!" என்று நான் கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் போனைக் கட் பண்ணாமல் கீழே போட்டுவிட்டார் போலிருக்கிறது. தூரத்தில் இருமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ் கோலாரைத் தாண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.