பரணுக்கு ஆறு கதவு

வாடிக்கையாளர் "அப்டியே" என்று ஆரம்பித்தாலே என் பையில் ஓட்டை விழப்போகிறது என்று அர்த்தம். முகப்பேரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் சமையலறை அலமாரி வேலை எடுத்திருந்தோம். வீட்டுக்கார அம்மா தனியாக இருப்பவர். தினமும் பதினோரு மணிக்கு எனக்கும் தச்சர்கள் இருவருக்கும் காபி போட்டுத் தருவார். மூன்றாம் நாள் காபியோடு வந்தவர் மேலே அண்ணாந்து பார்த்தார்.

"அப்டியே அந்தப் பரணுக்கும் ஆறு கதவு போட்ருங்க தம்பி."

கொட்டேஷனில் பரணே கிடையாது. அவர் கொடுத்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காசு கேட்க எவனால் முடியும்? பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். போன வேலையில் இப்படி வாயை மூடிக்கொண்டிருந்துதான் பிளைவுட்டுக்குக் கைக்காசு போட்டேன். இன்னொரு தடவை அப்படிச் செய்தால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அம்பத்தூரில் இருக்கும் பட்டறைக்குத் திரும்பியதும் கோபத்தில் வாட்ஸப்பில் தட்டினேன்: 'பேசாத வேலையை ஓசியில் செய்ய முடியாது.' அனுப்புவதற்குள் என் மனைவி போனைப் பிடுங்கினாள். பட்டறையின் கொட்டேஷன், கடிதம் எல்லாம் அவள்தான்.

"இன்னாயா இது? வேலைக்குப் போறியா, சண்டைக்குப் போறியா?"

அவள் எழுதி அனுப்பியது எனக்கு இன்னும் மனப்பாடம். 'அம்மா, வணக்கம். பரணுக்குக் கதவு போட்டால் தூசி அடையாது, நல்ல யோசனை. நாம் பேசிய கொட்டேஷனில் கீழ், மேல் அலமாரிகள் மட்டும் உள்ளன. ஆறு கதவுக்கும் பொருள், கூலி எவ்வளவு என்று கீழே தனியாகக் கொடுத்திருக்கிறோம். இரண்டு நாள் கூடுதலாகும். நீங்கள் சரியென்று எழுதியதும் தொடங்குகிறோம். வேண்டாமென்றாலும் பரவாயில்லை, பேசிய வேலை வெள்ளிக்கிழமை முடிந்துவிடும்.'

கெஞ்சலும் இல்லை, முறைப்பும் இல்லை. அடேயப்பா! இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு வராத வித்தை. வாய்விட்டுப் பாராட்டினேனா என்றால், இல்லை.

மறுநாள் கைப்பிடி மாதிரிகளைக் காட்ட அவளும் வந்தாள். பதினோரு மணி ஆயிற்று. காபி வரவில்லை. "பாத்தியா? போச்சு," என்று அவள் காதைக் கடித்தேன்.

பதினொன்றரைக்கு அந்த அம்மா உள்ளேயிருந்து ஒரு துண்டுச்சீட்டோடு வந்தார்.

"பரண்ல இன்னா சாமான் கீதுன்னு எழுதிகினு இருந்தேன். காபியே மறந்துட்டேன், பாரு. ஆறு வாணாம்மா, நாலு போதும்." பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மெசேஜு நீதானம்மா எழுதுனே? நான் இருவது வருசம் ஜாக்கெட் தெச்சேன். அப்டியே ஒரு ஹூக்கு, அப்டியே ஒரு ஓரம்னு கேப்பாங்க. இந்த மாதிரி சொல்லத் தெரியாமயே கடைய மூடிட்டேன்மா."

என் மனைவி அவர் கையை விடாமலே, நாலு கதவுக்கான புதுத் தொகையைத் தட்டி, எதிரில் நிற்கிறவருக்கே அனுப்பினாள். அவர் கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'சரி' என்று எழுதி அனுப்பிவிட்டு, காபி போடப் போனார்.