வேலுத்தாய்க்கு வந்த அருள்

சிவகாசியில் சரவெடிக்கு லேபிள் ஒட்டும் வேலுத்தாய்க்கு வாய் ஓயாது. ஆனால் அறுபத்தெட்டாம் வருஷக் கடைசியில் விருதுநகர் டாக்டர் நல்லசிவம் ஒரு புது மாத்திரை கொடுத்ததிலிருந்து வாய் உலர்ந்து, பேச்சு பாதியாகக் குறைந்தது. வேலையிலும் தூங்கி விழுந்தாள். பழைய மாத்திரைகள் எதற்கும் அவள் பிரஷர் அடங்காததால்தான் இது. தினம் மூன்று வேளை. “சட்டுனு நிறுத்தாதீக” என்று டாக்டர் சொல்லியும் இருந்தார்.

பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்புக் கட்டினாள். காப்புக் கட்டிய உடம்பில் மருந்து படக்கூடாது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். மாத்திரை டப்பா அரிசிப் பானைக்குள் போனது.

திங்கட்கிழமை மத்தியானம் உடம்பெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. இருக்க முடியாமல் அங்கனயும் இங்கனயும் நடந்தாள்.

“ஆத்தா வந்துட்டாடி” என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். வேப்பிலை வந்தது. கூட்டமும் வந்தது.

“தாயே, என்ன வேணும், சொல்லு.”

“தலை வெடிக்குதுடி” என்றாள் வேலுத்தாய்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கம்பெனியில் எதுவோ வெடிக்கப் போகிறதென்று குறி சொல்லிவிட்டாளாம். இரண்டு பேர் மறுநாள் வேலைக்கு லீவு போட முடிவு செய்தார்கள்.

அதே தெருவில் தேங்காய்க்காகப் பொய் அருள் ஆடி அடி வாங்கியவன் நான். இது ஆட்டமில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நெஞ்சுத் துடிப்பு கழுத்தில் தெரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். அதற்குள் உலை வைக்க அரிசி அள்ளப் போன மகள் முருகம்மாள் டப்பாவோடு ஓடிவந்தாள்.

“யாத்தா, நேத்திருந்து திங்கலியா?”

“காப்புல்லா கட்டிருக்கேன்.”

புருஷன் ஆண்டிச்சாமி லோடு ஏற்ற நின்ற வேனைக் கிளப்பி அவளை விருதுநகருக்குக் கொண்டுபோனார். டாக்டர் அவள் கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்த்தார். இருநூற்று முப்பது. அதே மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்து, படுக்கப் போட்டு, அடிக்கடி அளந்தார்.

“இந்த மாத்திரை நரம்போட வேகத்தை அமுக்கி வைக்குது. திடீர்னு எடுத்தா, அமுங்கினது முன்னைவிட வேகமா எகிறும். அதான் எடுத்த எடுப்புல யாருக்கும் இதைக் கொடுக்கிறதில்ல. வேற எதுவும் கேக்கலைன்னாத்தான்.”

மூன்று மணி நேரத்தில் நூற்று எழுபது. நடுக்கம் நின்றது. வேலுத்தாய் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

“இது பிடிக்கலைன்னா, வேற மருந்து சேத்துக்கிட்டு கொஞ்சங் கொஞ்சமாக் குறைப்போம். நீங்களா நிறுத்தப்படாது.”

“நேர்ச்சை என்னாகும் டாக்டரய்யா?”

“சட்டியை உங்க வீட்டுக்காரர் எடுக்கட்டும்.”

ஆண்டிச்சாமி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். அடுப்பில் கங்கு விழுந்தாலே வாசலுக்கு ஓடுகிறவர் அவர்.

“எடுப்பாக” என்றாள் வேலுத்தாய், அவரைக் கேட்காமலே.

பொங்கலன்று அவர் சட்டியோடு ஏறக்குறைய ஓடினார். அவளோ மாத்திரையை மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் செருகி, பின்னாலேயே பேசிக்கொண்டு நடந்தாள். உலர்ந்த வாயோடுதான். எங்கள் தெருவுக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.