கடத்துக்கு வாங்கிய சீட்டு

கடத்தை விமானத்தில் கொண்டுபோக மூன்று வழிகள்தான் உண்டு என்று கோயமுத்தூர் டிக்கெட் ஆபீசில் இருந்தவர் சொன்னார். மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

எழுபதுகளில் நான் திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சாயங்காலமானால் கடம் வாசிப்பவன். திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் என்றால் மரியாதை உண்டு. கடம் வாசிப்பவன் என்றால், "பானை தட்டறவருங்களா?" என்று கேட்பார்கள். அந்தப் பானையை நம்பித்தான் பம்பாயிலிருந்து ஒரு சபாக்காரர் கூப்பிட்டிருந்தார். பாடுகிறவருக்கு உயர்ந்த சுருதி. கடம் சூளையில் வெந்த பிறகு அதை முறுக்கிச் சுருதி சேர்க்க முடியாது. அதன் குரல் பிறந்தபோதே முடிவானது. அவருடைய சுருதிக்குச் சேர்கிற கடம் என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. பம்பாயில் வேறொன்று வாங்கி வாசித்துவிடலாம் என்றவர்களிடம் நான் சண்டைக்கே போயிருக்கிறேன்.

டிக்கெட் ஆபீஸ்காரர் பொறுமைசாலி. முதல் வழி, கையோடு எடுத்துப்போவது. "முன் சீட்டுக்கு அடியில போகணுங்க. இதோட வயிறு போகாதுங்க. மேல இருக்கறது திறந்த பலகை. கோட்டு, தொப்பி வைக்கத்தான். ஆட்டத்துல இது உருண்டு ஒருத்தர் மண்டையில உழுந்தா என்னங்க பண்றது?" மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். ஏறும்போதும் இறங்கும்போதும் மடியில் எதுவும் கூடாது என்றார்.

இரண்டாவது வழி, பெட்டியில் அடைத்துச் சரக்கு அறைக்கு அனுப்புவது. ஆளுக்கு இருபது கிலோ இலவசம், அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம். என் பக்கத்தில் ஊட்டியிலிருந்து வந்த ஒரு எஸ்டேட்காரர் கோல்ஃப் தடிகள் நிறைந்த நீளப் பையோடு நின்றிருந்தார். எடை போட்டு, அதிகப்படிக்குப் பணம் கட்டிவிட்டு ஒரு நிமிடத்தில் போய்விட்டார். எனக்கு வயிற்றெரிச்சல். "அவருது உடையாதுங்க. உங்களுது உடையும். உடைஞ்சா கம்பெனி பொறுப்பில்லைன்னு கையெழுத்து வாங்கித்தான் ஏத்துவோம்" என்றார் அவர்.

மூன்றாவது வழி, கடத்துக்கும் ஒரு சீட்டு வாங்குவது. ஒரு ஆளுக்கான முழுக் கட்டணம். சன்னலோரம்தான் வைக்க வேண்டும், நடப்பவர்களை மறிக்கக் கூடாது, அவசர வழிக்குப் பக்கத்தில் கூடாது, பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும். சபாக்காரர் என் டிக்கெட்டை மட்டுமே தருவார். சரக்கு அறையில் போனால் ஆகிற செலவோடு ஒப்பிட்டால் இது அநியாயம். ஆனாலும் போகவும் வரவும் இரண்டு சீட்டாக வாங்கினேன். என் பிடிவாதம் எனக்கே தெரியும்.

வீட்டில் அப்பா நெஞ்சுச் சளியோடு கட்டிலில் படுத்திருந்தார். காலமெல்லாம் தறியில் உட்கார்ந்து பஞ்சுத்தூசியை விழுங்கிய நெஞ்சு. சீட்டு வாங்கிய கதையைக் கேட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.

"பானைக்கு ஒரு சீட்டாடா கண்ணு? நான் போறப்பவும் எனக்கு முன்னால ஒரு பானை போகும். அதுக்குச் சீட்டு வேண்டாம், உன்ற தோளே போதும்."

அம்மா அவரை அதட்டினாள். எனக்கும் சுருக்கென்றது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அவர் பேச்சை மாற்றுவதுபோல் அக்காவைப் பற்றிச் சொன்னார். அக்கா கல்யாணமாகி மாதுங்காவில் இருக்கிறாள். பிரசவம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று பல வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை.

"வரும்போது பாப்பாவைக் கூட்டிட்டு வா. மூஞ்சி மறந்துரும்போல இருக்குது."

கிளம்புகிற அன்று கடத்தின் மேல் கம்பெனியில் எடுத்த பனியன் துணியை உறைபோல இழுத்து மாட்டினேன். வட்டமாகவே பின்னி வருகிற துணி. சலவை முடிந்த வெள்ளை. பானையின் வயிற்றைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. வாய்ப்பக்கம் முடிச்சுப் போட்டுத் தோளில் தூக்கினேன். வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெள்ளைத் துணி சுத்தித் தோள்ல வெக்காத கண்ணு. மஞ்சத் தண்ணியிலயாவது நனைச்சுக்க."

"ப்ளேனுக்கு நேரமாச்சும்மா" என்று கிளம்பிவிட்டேன். சகுனம் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் டாக்ஸி பிடிக்கும்வரை தெருவில் எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒதுங்கி வழிவிட்டதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. மேளம் மட்டும்தான் இல்லை.

விமானத்தில் பணிப்பெண் கடத்தைச் சன்னலோரம் உட்கார வைத்து, ஒரு கம்பளியை அடியில் திணித்து, நீட்டு பெல்ட் ஒன்றைச் சேர்த்துக் கட்டினாள். சென்னையில் விமானம் மாறி ஏறியபோதும் அதே சடங்கு. நடைவழிக்கு அந்தப் பக்கம் இருந்த நம்மூர்ப் பாட்டியம்மா ஒருவர் அதைப் பார்த்தபடியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொல்லி, பின்வரிசைக்கு மாறிப்போனார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் நானே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வெளிச்சம் பட்டு வெள்ளைத் துணிக்குள் உருண்டையாக, முகமில்லாத ஒரு ஆள்போல அது உட்கார்ந்திருந்தது. பம்பாய் வரும்வரை நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கச்சேரி நன்றாகவே நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அக்காவிடம் அப்பா சொன்னதைச் சொன்னேன். "பசங்களுக்கு லீவு உட்டதும் வந்தர்றேன் தம்பி. அப்பா அப்படித்தான் ஏதாச்சும் சொல்லுவாரு" என்றாள். நானும் அதை நம்ப விரும்பினேன். மறுநாள் காலை தந்தி வந்தது. அப்பா கவலைக்கிடம், உடனே புறப்படவும்.

எனக்கு அன்று மதியமே திரும்ப டிக்கெட் இருந்தது. அக்காவுக்கு இல்லை. ரயிலில் போனால் இரண்டு நாளாகும். உயிரோடு பார்ப்பது இருக்கட்டும், எங்கள் பக்கத்தில் உடம்பை அவ்வளவு நேரம் வைத்திருக்க மாட்டார்கள். மச்சான், நான், அக்கா மூவரும் விமான ஆபீசுக்கு ஓடினோம். விமானம் நிறைந்துவிட்டது, காத்திருப்போர் வரிசையே நீளம் என்று கவுண்டரில் இருந்தவர் இந்தியில் சொன்னதை மச்சான் எங்களுக்குச் சொன்னார். அக்கா சுவரோரம் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் என் டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மச்சானிடம் ஏதோ கேட்டார். மச்சான் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"மாப்பிள்ளை, உங்க பேர்ல ரெண்டு சீட்டு இருக்குதாம். ஒண்ணுல ஆள் இல்லையேன்னு கேக்கறாரு."

அக்கா, "வேண்டாந்தம்பி, அது உன்ற சோறு. நான் ரயில்ல வந்தர்றேன்" என்றாள். அவளுக்கும் தெரியும் ரயிலில் வந்தால் என்ன ஆகும் என்று. எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. "பேசாம இரு அக்கா" என்று அதட்டிவிட்டு, அந்தச் சீட்டை அக்கா பெயருக்கு மாற்றச் சொன்னேன். சென்னைக்கு அப்பால் இருக்கிற பாதியையும் சேர்த்து மாற்றி எழுதிக் கொடுத்தார்.

விமான நிலையத்துக்குப் போகிற வழியில் மச்சான் எங்கிருந்தோ ஒரு தேயிலைப் பெட்டி வாங்கி வந்தார். அக்காவின் பழைய புடவைகளைச் சுற்றிலும் திணித்துக் கடத்தை உள்ளே இறக்கினோம். தராசில் வைத்தபோது கட்டணம் எதுவும் வரவில்லை. இரண்டு பேருடைய இலவச எடையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். போகும்போது ஓர் ஆளின் விலை கொடுத்துக் கொண்டுபோனது, வரும்போது சும்மாவே வந்தது. உடைந்தால் பொறுப்பில்லை என்ற அட்டையில் கையெழுத்துப் போட்டேன். பெட்டியைத் தூக்கியவன் அதை இறக்கி வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா சன்னலோரச் சீட்டில் உட்கார்ந்தாள். முதல் விமானப் பயணம். பெல்ட் போடத் தெரியாமல் தடுமாறினாள், நான் மாட்டிவிட்டேன். வழியெல்லாம் அவள் "பார்த்துருவோமில்ல தம்பி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பார்த்துருவோம் பார்த்துருவோம் என்றேன். சென்னையில் இறங்கி நடக்கும்போது, சாமான் வண்டியில் எங்கள் பெட்டி தலைகீழாகப் போவதைக் கண்டேன். கத்தியிருந்தால் கேட்டிருக்குமோ என்னவோ. அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

கோயமுத்தூரில் பெட்டியைத் தூக்கினேன். உள்ளே ஏதோ ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்குச் சரிந்தது. கடம் சரியாது. எனக்குத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. டாக்ஸியின் பின்னால் அதை வைத்துவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவிநாசி ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் அது சத்தம் போட்டது. அக்கா, "மெதுவா ஓட்டச் சொல்லு, கடத்துக்கு ஏதாச்சும் ஆயிரப்போகுது" என்றாள். நான் டிரைவரிடம், "நீங்க வேகமாவே போங்க" என்றேன்.

வீட்டு வாசலில் கூட்டம் இருந்தது, ஆனால் அழுகை இல்லை. அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். அப்பாவுக்கு மூச்சு மேலே மேலே வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து வெகுநேரம் அவளைப் பார்த்தார்.

"பாப்பா வந்துட்டியா சாமி."

அவள் அவர் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவர் கண் அப்புறம் என்னைத் தேடியது. அந்த நிலையிலும் அவருக்குக் கேலி போகவில்லை.

"எங்கடா உன்ற பானை? சீட்டுல உக்காந்து வந்துச்சா?"

"ஆமாங்கப்பா. சன்னலோரமா உக்காந்து வந்துச்சுங்க."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

மறுநாள் விடியும் முன் போய்விட்டார். ஒரே மகன் நான். சுடுகாட்டில் நீர் நிறைந்த புதுப்பானையை என் இடது தோளில் வைத்தார்கள். சுற்றி வரும்போது பின்னால் வந்த பங்காளி ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியால் ஒரு துளை போட்டார். தண்ணீர் முதுகில் வழிந்தது. மூன்றாவது சுற்று முடிந்ததும் அப்பாவுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார்கள்.

"பின்னால உட்டுருங்க. திரும்பிப் பாக்காதீங்க."

விட்டேன். உடைந்த சத்தம் கேட்டது. என் கடம் உடைந்தபோது இந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான் விமானத்தில் மேலே அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வீடு திரும்பியபோது அக்கா தேயிலைப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். புடவைகளை உதறி, ஓடுகளையெல்லாம் பொறுக்கி அந்த வெள்ளைத் துணியின் மேல் வரிசையாக வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாவுக்கு அழுததைவிட அதிகமாக அழுதாள் என்று எனக்குத் தோன்றியது.

"உனக்கு முன்னாலயே தெரியுமா தம்பி?"

தெரியும் என்றேன்.